“மிச்சத்தை அறுவடை முடியத் தரலாமோ?” என்று கேட்பவருக்கு எழுதும் பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. கிளிநொச்சியில் விவசாய உபகரணங்கள் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கடையின் வட்ஸ்அப்புக்கு வரும் செய்திகளுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு. விசுவமடுவிலிருந்து ஒரு ஐயா பம்பி, ஹோஸ், பைப் எல்லாவற்றுக்கும் விலை கேட்டார், 186,500 ரூபா என்று அனுப்பினேன். அவர் போட்ட பதில் இது: “ஒரு லட்சத்தை கார்ட்டில கட்டுறன். மிச்சத்தை நெல்லு அறுவடை முடிய பாங்கில போட்டுவிடலாமோ? சாமான் இந்தக் கிழமையே வேணும், கச்சானுக்குத் தண்ணி இல்லை.”

நான் எழுதி வைத்திருக்கும் பதில்: “அன்புடையீர், தங்களது கோரிக்கை கிடைக்கப்பெற்றோம். எமது நடைமுறைகளின்படி பகுதிக் கொடுப்பனவுகள் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. எனினும் தங்களது நிதி நிலையைக் கருத்திற்கொண்டு விசேட சலுகையாக இதனை அனுமதிக்கின்றோம். அட்டைக் கொடுப்பனவுக்கு 3% மேலதிகமாக அறவிடப்படும். மீதித் தொகையை இயன்றளவு விரைவில் செலுத்தவும். தவறும் பட்சத்தில் பொருட்கள் மீளப் பெறப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.”

முதலாளி பார்த்துவிட்டு, “காசு தாற மனுசனுக்கு இப்பிடியோ எழுதுறது, திருத்து” என்றார். எதைத் திருத்துவது என்று அவரும் சொல்லவில்லை. நீங்கள் கொஞ்சம் சொல்லித் தாருங்கள்.

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த ஐயா எழுதியதை இன்னொரு தடவை வாசியுங்கள். அவர் ஒரே வசனத்தில் இரண்டு வேறு விசயங்களைக் கேட்டிருக்கிறார். பாதியைக் கார்ட்டிலும் பாதியை வேறு வழியிலும் கட்டலாமா என்பது ஒன்று. பாதியை இன்றும் பாதியைப் பிறகும் கட்டலாமா என்பது மற்றது. முதலாவதில் கடைக்கு ஒரு நட்டமும் இல்லை. கார்ட்டில் ஒரு லட்சமும் கையில் மிச்சக் காசும் ஒரே நாளில் வந்தால் அது முழுக்கக் கட்டிய பில்தான், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவது கடன். அதைக் கொடுப்பதா இல்லையா என்பதை முதலாளி மட்டும்தான் தீர்மானிக்கலாம். உங்கள் பதில் இரண்டையும் “பகுதிக் கொடுப்பனவு” என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. அதனால்தான் முதலில் இல்லை என்றும் பிறகு சரி என்றும் சொல்ல வேண்டி வந்திருக்கிறது.

ஆகவே பதிலைத் திருத்த முன்னர் முதலாளியிடம் போய்க் கேளுங்கள். மிச்சக் காசைப் பிறகு வாங்க அவருக்குச் சம்மதமா, சம்மதம் என்றால் எந்தத் திகதி வரை பொறுப்பார், காசு முழுக்க வர முன்னரே சாமான் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் எழுதினால் சொற்களை எவ்வளவு மினுக்கினாலும் அது மழுப்பல்தான். “பொதுவாக”, “இயன்றளவு”, “விரைவில்” என்று உங்கள் பதிலில் வந்த சொற்கள் எல்லாம் முதலாளி இன்னும் முடிவு சொல்லாத இடங்களில் வந்து உட்கார்ந்தவை.

இனி உங்கள் பதிலுக்குள் போவோம்.

“தங்களது நிதி நிலையைக் கருத்திற்கொண்டு” என்ற துண்டை முதலில் எடுத்துவிடுங்கள். முதலாளிக்கு உறுத்தியது அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். அந்த ஐயா தன்னிடம் காசில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. காசு எப்போது கைக்கு வரும் என்றுதான் சொன்னார். வயல் செய்கிறவருக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் பெரிய காசு வரும், காலபோகம் வெட்டிய பிறகும் சிறுபோகம் வெட்டிய பிறகும். இடைப்பட்ட மாதங்களில் அவர் கேட்பது சலுகை இல்லை, தன் வருமானத்தின் நேரத்தைச் சொல்கிறார். அதோடு, வன்னியில் கடனைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். நுண்கடன் கொம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற வீடுகள் எங்கள் ஊர்களில் நிறைய. அந்தச் சிக்கல் முற்றித்தான் 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறு கடன்களை அரசு பொறுப்பேற்று நீக்கவும் வேண்டி வந்தது. “தவறும் பட்சத்தில்”, “மீளப் பெறப்படும்” என்ற சொற்களை அந்த வீடுகளில் பலர் வேறு கடிதங்களில் வாசித்திருப்பார்கள். பம்பி வாங்க வருபவருக்கு நீங்களும் அதே பாசையில் எழுதினால் அவர் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ வேறு கடை பார்ப்பார்.

பொருட்களை மீளப் பெறுவோம் என்ற வசனம் மனம் நோகச் செய்வதோடு நிற்கவில்லை. நீங்கள் நினைக்கும் பலமும் அதற்கு இல்லை. சாமானை விற்று, பில் போட்டு, கொண்டுபோகக் கொடுத்துவிட்டால் அது அவருடைய சாமான். வேறு விதமாக முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்தாலொழிய, உங்களுக்கு மிச்சக் காசைக் கேட்கத்தான் உரிமை இருக்கிறது, அவருடைய கிணற்றடியில் போய்ப் பம்பியைக் கழற்ற இல்லை. செய்ய முடியாத ஒன்றைச் சொல்லி வெருட்டுவதைவிட அந்த வசனம் இல்லாமல் இருப்பது நல்லது.

அடுத்தது 3%. கார்ட் மெசினுக்கு வங்கி வெட்டும் கழிவை வாங்குபவர் தலையில் போடக் கூடாது. மெசினைத் தரும்போது கடையும் வங்கியும் செய்யும் ஒப்பந்தத்தில் இது இருக்கிறது. அப்படிக் கேட்டால் முறையிடும்படி மத்திய வங்கியும் பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கு 3,000 ரூபா என்பது சின்னக் காசில்லை என்று முதலாளி சொல்வார், அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அதற்கான இடம் விலை போடும் நேரம். பில் தொகையைச் சொன்ன பிறகு கூட்டுவது பிழை. அதை நீங்களே எழுத்தில் அனுப்பி வைத்தால், முறைப்பாட்டுக்கு வேண்டிய சாட்சியை அவர் கையில் கொடுத்ததாகவும் ஆகும்.

இனிதான் முக்கியமான இடம். “இயன்றளவு விரைவில்” என்பது மரியாதையான சொல் போலத் தெரியும், உண்மையில் அது இரண்டு பக்கத்துக்கும் கெடுதல். ஐயாவுக்கு “விரைவில்” என்றால் நெல் விற்ற பிறகு. முதலாளிக்கு அடுத்த மாதம். இரண்டு பேரும் தாங்கள் சரியாகத்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓகஸ்டில் கோபப்படுவார்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. இலங்கையின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கடைப் பில்லுக்கும் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போட அது கொடுக்கும் காலம் ஒரே ஒரு வருடம். கடன் எப்போது கட்ட வேண்டியதாகிறதோ அன்றிலிருந்து அந்த வருடம் எண்ணப்படும். திகதியே இல்லாமல் கொடுத்த கடனுக்குச் சாமான் கொடுத்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடலாம். வாங்கியவர் கையெழுத்துப் போட்ட எழுத்து வாக்குறுதிக்கு அதே சட்டத்தில் ஆறு வருடம். 86,500 ரூபாவுக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு திகதியும் ஒரு கையெழுத்தும் இருந்தால் கதை வேறு என்பதை முதலாளி தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதை ஐயாவுக்கான பதிலில் எழுத வேண்டாம். பதிலில் திகதி இருந்தால் போதும்.

அந்தத் திகதியை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்களாக ஒன்றைப் போட்டு அனுப்பாதீர்கள், அவரிடமே கேளுங்கள். “அறுவடை முடிய” என்பதைத் திகதியாக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்துக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக்கும் கடைசித் தண்ணீருக்கும் திகதி தீர்மானிப்பார்கள். வயல் செய்கிறவருக்கு இரண்டும் மனப்பாடம். கடைசித் தண்ணீர் நின்றால் வெட்டு எப்போது வரும் என்பதையும் அவரே சொல்வார். ஆனால் வெட்டிய நாள் காசு வரும் நாள் இல்லை. மெசின் வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக் கூடாது, காய வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தனியாருக்குக் கொடுத்தாலும், ஈரநெல்லை அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் கொஞ்ச நாள் வைத்து விற்கத்தான் பார்ப்பார். எனவே அவர் “ஓகஸ்ட் 20 அளவில வெட்டு” என்று சொன்னால், ஓகஸ்ட் 25 என்று எழுதாதீர்கள். செப்டெம்பர் 10 என்று எழுதுங்கள். நெருக்கிப் போட்ட திகதி தப்பினால் அவர் உங்கள் அழைப்பை எடுக்கக் கூச்சப்படுவார், பிறகு கடைப் பக்கமே வராமல் விடுவார். நீங்கள் போடும் திகதி சனி, ஞாயிறு, போயா நாளில் விழுகிறதா என்று கலண்டரையும் ஒருக்கால் பாருங்கள். போனில் அனுப்புகிறவருக்கு எந்த நாளும் ஒன்றுதான், வங்கிக்குப் போய்க் காசு போடுகிறவருக்கு அப்படி இல்லை.

சாமான் எப்போது கிடைக்கும் என்பதற்கு உங்கள் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த ஐயாவுக்கு அதுதான் அவசரம். கச்சான் தண்ணியில்லாமல் நிற்கிறது என்று எழுதியவர் உங்கள் பதிலில் முதலில் தேடப் போவது, இந்தக் கிழமை பம்பி கிடைக்குமா என்பதை. அதைச் சொல்லாமல் நடைமுறை பற்றி எழுதினால் அவர் திரும்பக் கேட்க வேண்டும், நீங்கள் திரும்ப எழுத வேண்டும், அதற்குள் இரண்டு நாள் போய்விடும்.

முதலாளி எல்லாவற்றுக்கும் சம்மதம் என்கிறார், ஐயாவும் போனில் செப்டெம்பர் 10 சரி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பதிலை நான் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் ஐயா. நீங்கள் கேட்டபடி இரண்டாகக் கட்டலாம்.

கடைக்கு வரும் அன்று கார்ட்டில்: 100,000 ரூபா
செப்டெம்பர் 10ஆம் திகதிக்குள் பாங்கில்: 86,500 ரூபா
மொத்தம்: 186,500 ரூபா

கார்ட்டில் கட்டிய அன்றைக்கே சாமான் முழுவதையும் ஏற்றலாம். கார்ட்டுக்கென்று மேலதிகமாக எதுவும் எடுக்க மாட்டோம். செப்டெம்பரில் கட்டும்போதும் தொகை இதேதான், ஏறாது.

வர முன்னர், உங்கள் கார்ட்டில் ஒரே நாளில் ஒரு லட்சம் கட்ட முடியுமா என்று பாங்கில் கேட்டுவிட்டு வாருங்கள். மிச்சக் காசு போட வேண்டிய கணக்கு இலக்கத்தைக் கடையில் பில்லோடு எழுதித் தருவோம். அன்றைக்குப் பில்லில் ஒரு கையெழுத்தும் வைக்க வேண்டும்.

செப்டெம்பர் 10 பிந்தும் போல இருந்தால் அதற்கு முதலே ஒருக்கால் சொல்லுங்கள், கதைத்து வேறு திகதி போடலாம். இது சரி என்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள், சாமானை எடுத்து வைக்கிறோம்.”

முதல் வரியிலேயே விடை வந்துவிட்டது. தொகையும் திகதியும் வழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. போனை நெஞ்சுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து வாசிக்கிறவருக்கும் அவை கண்ணில் படும். மொத்தத்தை மூன்றாவதாகத் திரும்ப எழுதியது காரணத்தோடுதான். இரண்டு தொகையும் கூட்டினால் முதலில் சொன்ன விலை வருகிறது, இடையில் ஒன்றும் ஏறவில்லை என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். “ஏறாது” என்ற சொல்லையும் விட வேண்டாம். பிந்திக் கட்டுவதற்கு வட்டி இருக்குமோ என்பது எவருக்கும் வரும் சந்தேகம், ஆனால் அதைக் கேட்க வெட்கப்படுவார்கள். முதலாளி வட்டி எடுப்பதாக இருந்தால், அதையும் இங்கேதான் ரூபாக் கணக்கில் சொல்ல வேண்டும், செப்டெம்பரில் இல்லை.

“சரி” என்று பதில் போடச் சொன்னதும் சும்மா இல்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட செய்திகளும் எழுத்தாக ஏற்கப்படும். ஆனாலும் பில்லின் பிரதியில் “மிச்சம் 86,500, செப்டெம்பர் 10” என்று கையால் எழுதி, அதன் கீழ் அவருடைய கையெழுத்தை வாங்கி வையுங்கள். போன் தொலையும், செய்தி அழியும். கொப்பிக்குள் வைத்த பிரதி இருக்கும்.

கார்ட் இலக்கத்தையோ கார்ட்டின் படத்தையோ வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி ஒருபோதும் எழுதாதீர்கள். சிலர் தாங்களாகவே அனுப்பிவிடுவார்கள். வந்தால் உடனே அழித்துவிட்டு, “கார்ட்டைக் கடையில் மெசினில்தான் போடுவோம், படம் வேண்டாம்” என்று சொல்லுங்கள்.

முதலாளி முழுச் சாமானையும் கடனுக்கு விட மாட்டேன் என்றால் உடனே மறுப்பு எழுதிவிடாதீர்கள். பில்லைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் பெயர் சொன்ன மூன்று சாமானும் தோராயமாக இப்படி என்று எடுத்துக்கொள்வோம்: பம்பி 84,500, ஹோஸ் 40,000, பிவிசி பைப்பும் அதன் சில்லறைச் சாமானும் 62,000. கச்சானுக்கு இந்தக் கிழமை தண்ணீர் போக வேண்டுமென்றால் பம்பியும் ஹோஸும் போதும். பைப் நிலத்தில் புதைக்கிற வேலை, அது அறுவடைக்குப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். பம்பியும் ஹோஸும் சேர்ந்தால் 124,500. ஐயா ஒரு லட்சத்தைக் கார்ட்டில் கட்டி, 24,500 ரூபாவைக் கையில் கொண்டுவந்தால் அன்றைக்கே தண்ணீர் இறைக்கலாம். ஒரு சதமும் கடன் இல்லை. பைப்பைச் செப்டெம்பரில் காசு கட்டி எடுத்துக்கொள்வார். இதுதான் நான் முன்னர் சொன்ன வித்தியாசம். திகதியைப் பிரிக்க முடியாத இடத்தில் சாமானைப் பிரித்து, காசு கட்டும் வழியையும் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அந்தப் பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் ஐயா. கார்ட்டிலும் காசிலும் பிரித்துக் கட்டலாம். மிச்சத்தைப் பிறகு வாங்குவதுதான் எங்களால் முடியாமல் இருக்கிறது. கச்சானுக்கு உடனே தேவைப்படும் பம்பியும் ஹோஸும் 124,500 ரூபா. 100,000 ரூபாவைக் கார்ட்டிலும் 24,500 ரூபாவைக் காசாகவும் கட்டினால் அன்றைக்கே ஏற்றலாம். பைப் 62,000 ரூபா, அதைக் காசு வந்ததும் எடுக்கலாம். ஜூலை 31 வரை இதே விலைக்குத் தருவோம், அதற்குப் பிறகு அன்றைய விலை. இது வசதிப்படுமா?”

விலை எதுவரை நிற்கும் என்பதை எழுதாமல் விட்டால், செப்டெம்பரில் பைப் விலை ஏறியிருக்க, ஐயா பழைய செய்தியைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும். முதலாளி செப்டெம்பர் வரை விலையைப் பிடித்துத் தருவதென்றால் இன்னும் நல்லது, அப்போது அந்தத் திகதியை எழுதுங்கள். முடியாது என்று சொன்ன விதத்தையும் கவனியுங்கள். “நடைமுறை”, “விதிமுறை” என்று அதற்குத் திரை போடவில்லை. சின்னக் கடைக்கு விதிமுறை என்று ஒன்று கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முடியாது என்பதை எங்களால் முடியாது என்று நேரே சொன்னால் மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஐயா கடைக்கு வரும் நாளைப் பற்றியும் இரண்டு விசயம் சொல்கிறேன், எழுதிய பதில் அங்கேதான் சோதிக்கப்படும். கார்ட்டும் காசும் சேர்த்துக் கட்டுகிறவரிடம் எப்போதும் கார்ட்டை முதலில் போடுங்கள். வங்கி போட்டிருக்கும் நாளாந்த எல்லையினால் ஒரு லட்சம் போகாமல், அறுபதாயிரம்தான் போகலாம். அப்போது மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் காசை வாங்கலாம். காசை முதலில் வாங்கி இலாச்சிக்குள் போட்டுவிட்டால், கார்ட் போகாதபோது எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டிய சங்கடம் வரும். சிக்னல் நடுவில் விழுந்து, ஐயாவின் போனுக்குக் காசு போன செய்தி வந்து, மெசினில் துண்டு வராமல் நின்றால், இரண்டாம் தடவை கார்ட்டைப் போடாதீர்கள். மெசின் தந்த வங்கிக்கு எடுத்து அந்தத் தொகை உங்கள் பக்கம் பதிந்ததா என்று கேட்ட பிறகுதான் அடுத்த வேலை.

பில்லை இரண்டாகப் போடச் சொல்லியும் சிலர் கேட்பார்கள், வேண்டாம். பில் ஒன்றுதான், அதில் காசு வந்த வழிகளை இரண்டு வரியாக எழுதுங்கள். பம்பிக்கு உத்தரவாதம் கேட்டு வரும்போது ஒரே பில் இருந்தால்தான் கதை சுலபம். சாமான் ஏதும் திரும்பி வந்தாலும் கார்ட்டில் வந்த காசு கார்ட்டுக்கே போக வேண்டும், காசாக வந்தது காசாக. எது எவ்வளவு என்று பில்லில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் நாளில் இரண்டு பேரும் ஞாபகத்தை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டியதுதான்.

கணக்கு இலக்கத்தை எழுதிக் கொடுக்கும்போது கடையின் பெயரிலுள்ள கணக்கையே கொடுங்கள். அதன் கீழ், “காசு போடும்போது பில் இலக்கத்தை எழுதவும், போட்ட துண்டைப் படம் எடுத்து அனுப்பவும்” என்று ஒரு வரி சேருங்கள். போனில் அனுப்பினால் பெயராவது வரும். காசு போடும் மெசினில் போட்டால் கணக்கில் தொகை மட்டும் தெரியலாம். அறுவடைக் காலத்தில் ஒரே நாளில் நாலு பேர் போட்டிருப்பார்கள். எது யாருடையது என்று தேடி, கட்டியவரிடமே திரும்பக் காசு கேட்டுப் போன் எடுத்தால், அதைவிட அவமானம் அவருக்கு வேறில்லை. படம் வந்தவுடன் “காசு கிடைத்தது” என்று எழுதிவிடவும் வேண்டாம். “படம் கிடைத்தது ஐயா, கணக்கில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று எழுதி, கணக்கில் விழுந்ததைக் கண்ட பிறகு பற்றுச்சீட்டு அனுப்புங்கள். உடனே போகும் முறையில் அனுப்பினால் சில நிமிடத்தில் விழும். சில வழிகளில் அடுத்த வேலை நாள்தான்.

காசோலை தருகிறேன் என்றால் வாங்கலாம். மிச்சத் தொகைக்குச் செப்டெம்பர் 10 திகதியிட்டுக் கடையின் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். திகதி வர முன்னர் வங்கியில் போட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், திகதிக்குப் பிறகு இலாச்சிக்குள் மறந்தும் விட வேண்டாம். ஆறு மாதம் தாண்டினால் வங்கி எடுக்காது.

திகதிக்கு மூன்று நாள் முதல் ஒரு செய்தி போடுங்கள். “வணக்கம் ஐயா, பம்பி எப்படி வேலை செய்யுது? மிச்சம் 86,500 ரூபாவுக்கு 10ஆம் திகதி என்று கதைத்திருந்தோம், ஞாபகத்துக்குச் சொல்கிறேன்.” இவ்வளவு போதும். நிலுவை என்றும் இறுதி அறிவித்தல் என்றும் எழுத வேண்டாம், திகதி இன்னும் வரவே இல்லை. அவர் “நெல்லு இன்னும் விக்கேல்லை, பத்து நாள் பிந்தும்” என்று சொன்னால் முதலாளியிடம் கேட்டு, “சரி ஐயா, செப்டெம்பர் 20 என்று கொப்பியில் மாத்திக்கொள்கிறேன்” என்று புதிய திகதியோடு பதில் போட்டு, கொப்பியிலும் மாற்றி எழுதுங்கள். இரண்டாவது திகதியும் தப்பினால் அதற்குப் பிறகு எழுதிக்கொண்டிருக்கிற வேலை உங்களுடையது இல்லை. முதலாளியே போன் எடுத்துக் கதைக்கட்டும். கடன் கொடுக்கத் தீர்மானித்தவர் அவர்தானே.